சப்ஜெக்ட் வரியை எத்தனை முறை மாற்றினாலும் மெயில் ஸ்பேமுக்கே போகிறதே?

*சென்னிமலையில் நானும் தம்பியும் கைத்தறி பெட்ஷீட், துண்டு ஆன்லைனில் விற்கிறோம். நாலு வருஷமாகச் சேர்ந்த 4,200 பேருக்கு மாதம் ஒரு மெயில் போகும். நூற்றுக்கு 26 பேர் திறப்பார்கள். ஆடித் தள்ளுபடிக்காக, நாங்கள் ஸ்டால் போட்ட கண்காட்சியின் அமைப்பாளர் கொடுத்த பார்வையாளர் லிஸ்ட் 7,100-ஐயும் சேர்த்து அனுப்பினோம். அதிலிருந்து எல்லாம் ஸ்பேமுக்குப் போகிறது. இப்போது திறப்பது 7 சதவீதம். பழைய வாடிக்கையாளர்களுக்கு ஆர்டர் மெயில்கூட ஸ்பேமில் கிடக்கிறதாம். ‘இலவசம்’, ‘தள்ளுபடி’ எல்லாம் எடுத்துப் பார்த்தேன், `Re:` போட்டும் பார்த்தேன், பலனில்லை. எந்தச் சொற்களைத் தவிர்க்க வேண்டும்? தீபாவளிக்கு இன்னும் பத்து வாரம்தான் இருக்கிறது. ரிப்போர்ட்டும், திரும்பி வந்த மெயில்களின் பவுன்ஸ் கோப்பும் இணைத்திருக்கிறேன்.*

*— ஒரு வாசகி, சென்னிமலை*

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட சொற்பட்டியலை நான் தரப்போவதில்லை. அதை வைத்துக்கொண்டு இன்னும் இரண்டு மாதம் வீணாகிவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் தேதிகளை மட்டும் வரிசையாகப் பாருங்கள். ஆனி மாத மெயிலின் சப்ஜெக்ட் ‘இரண்டு துண்டு வாங்கினால் ஒன்று இலவசம்’. அது 26 சதவீதம் பேரால் திறக்கப்பட்டிருக்கிறது. ஆடி மெயிலின் சப்ஜெக்டில் இலவசம் என்ற பேச்சே இல்லை, அதுதான் விழுந்தது. இரண்டுக்கும் நடுவில் மாறியது சொல் அல்ல, லிஸ்ட்.

பழைய வடிகட்டிகள் சொல்லைப் பார்த்து மதிப்பெண் போட்டது உண்மைதான். ஸ்பேம்அசாசின் போன்றவை இன்றும் சில சர்வர்களில் அப்படித்தான் வேலை செய்கின்றன. ஆனால் உங்கள் வாடிக்கையாளர்களில் பத்தில் எட்டுப் பேர் ஜிமெயிலில் இருக்கிறார்கள். ஜிமெயில் முதலில் பார்ப்பது அனுப்பும் டொமைனின் நடத்தையை: இந்தப் பெயரில் வந்த மெயிலைப் பெற்றவர்கள் இதுவரை என்ன செய்தார்கள், திறந்தார்களா, பதில் போட்டார்களா, ‘ஸ்பேம்’ பொத்தானை அழுத்தினார்களா என்பதை. நல்ல பெயர் உள்ள கடை ‘இலவசம்’ என்று எழுதினாலும் மெயில் இன்பாக்ஸுக்குப் போகும். பெயர் கெட்டுவிட்டால் ‘வணக்கம்’ என்று எழுதினாலும் ஸ்பேமுக்குத்தான் போகும்.

உங்கள் பெயர் எப்படிக் கெட்டது என்பதைக் கணக்காகவே பார்த்துவிடலாம். ஆடி மெயில் 11,300 பேருக்குப் போனது. 1,017 திரும்பிவிட்டது. மிச்சம் 10,283, அதில் ஜிமெயில் ஏறக்குறைய 8,200. கூகுள் சொல்லும் அளவு இது: ஸ்பேம் புகார் 0.1 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும், 0.3 சதவீதத்தை ஒருபோதும் தொடக்கூடாது. 8,200-இல் 0.3 சதவீதம் என்றால் 25 பேர். கண்காட்சி வாசலில் பதிவேட்டில் மெயில் முகவரி எழுதிவிட்டு உள்ளே போனவர்கள் உங்கள் கடைப் பெயரை நினைவில் வைத்திருக்க மாட்டார்கள். அவர்களில் இருநூறு பேருக்கு ஒருவர் ‘யார் இது?’ என்று அந்தப் பொத்தானை அழுத்தினாலே 25-ஐத் தொட்டுவிடும். தீய எண்ணம் யாருக்கும் வேண்டியதில்லை.

ஆனால் ரிப்போர்ட்டில் புகார் 0.02 சதவீதம் என்றுதானே இருக்கிறது என்று கேட்பீர்கள். அந்த எண்ணை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். யாகூ, அவுட்லுக் மாதிரி சில இடங்களில், யார் புகார் செய்தார் என்ற விவரம் உங்கள் அனுப்பும் சேவைக்குத் திரும்பி வரும். ஜிமெயில் அப்படித் தனித்தனியாகத் தருவதில்லை. அதனால் ரிப்போர்ட்டில் ஜிமெயில் புகார் ஒன்றுகூட இல்லை. அதைப் பார்க்க வேண்டிய இடம் கூகுள் போஸ்ட்மாஸ்டர் டூல்ஸ். இலவசம்தான். டொமைன் உங்களுடையது என்று, டொமைனின் பொதுப் பதிவேடான டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு போட்டு நிரூபித்தால் திறக்கும். அங்கேயும் ஒரு விஷயத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். அது காட்டும் சதவீதம் இன்பாக்ஸுக்குப் போய்ச் சேர்ந்த மெயிலை வைத்துப் போடப்படுவது. ஏற்கெனவே ஸ்பேமில் கிடக்கும் மெயிலை யாரும் மறுபடி ஸ்பேம் என்று சொல்லப்போவதில்லை. எல்லாமே ஸ்பேமுக்குப் போகும் வாரத்தில் புகார் பூஜ்ஜியம் என்று காட்டும். அது குணமானதற்கு அடையாளம் இல்லை.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்தது. ஒரே நாளில் ஜிமெயில் முகவரிகளுக்கு 5,000-க்கு மேல் அனுப்பிவிட்டால் கூகுள் உங்களை மொத்தமாக அனுப்புபவராக எடுத்துக்கொள்ளும். ஒரே ஒரு முறை தாண்டினாலும் அந்த முத்திரை பிறகு போகாது. 4,200 பேர் இருந்தவரை நீங்கள் அந்த எல்லைக்குக் கீழே இருந்தீர்கள். ஆடி மெயிலில் தாண்டிவிட்டீர்கள். மொத்தமாக அனுப்புபவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து கூடுதல் விதிகள் உண்டு: உங்கள் பெயரில் எந்தச் சர்வர்கள் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், மெயிலில் டொமைனின் கையெழுத்தைப் போடும் டிகிம், இவற்றில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் மூன்றும் இருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி வேண்டும். 500 பேருக்கு அனுப்பினாலும் இனி இவை உங்களுக்குப் பொருந்தும்.

அதனால் லிஸ்ட்டைத் தொடும் முன் பத்து நிமிடம் இதற்கு ஒதுக்குங்கள். உங்கள் மெயிலை உங்கள் சொந்த ஜிமெயிலுக்கே அனுப்பி, கணினியில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் `Show original` அழுத்துங்கள். மேலே சிறு அட்டவணை வரும். எனக்கு நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் டிகிம் வரியில் `PASS` என்றுதான் இருக்கிறது. அதைப் பார்த்து நீங்கள் நிம்மதியானது புரிகிறது. ஆனால் `PASS`-க்குப் பக்கத்தில் இருக்கும் டொமைனைப் படியுங்கள். அது உங்கள் கடையுடையது அல்ல, அனுப்பும் சேவையுடையது. கையெழுத்து சரிதான், ஆனால் அது வேறொருவரின் கையெழுத்து. அனுப்பும் சேவையின் செட்டிங்ஸில் ‘டொமைனை உறுதிப்படுத்து’ என்ற பொருளில் ஒரு பக்கம் இருக்கும். அது தரும் பதிவுகளை உங்கள் டிஎன்எஸ்ஸில் அப்படியே ஒட்டினால், அதன்பின் உங்கள் பெயரிலேயே கையெழுத்து விழும்.

ஆர்டர் மெயிலும் ஸ்பேமுக்குப் போவதற்குத் தனிக் காரணம் ஒன்று கண்ணில் பட்டது. டிஎன்எஸ் பதிவுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதால் உங்களுடையதைப் பார்த்தேன். யாரோ புதுச் சேவையைச் சேர்க்கும்போது பழைய எஸ்பிஎஃப் வரியைத் திருத்தாமல் இன்னொரு வரி போட்டிருக்கிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் வரிதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. டொமைன் பெயர்களை மாற்றிக் காட்டுகிறேன்:

```
v=spf1 include:_spf.google.com ~all
v=spf1 include:spf.example.net ~all
```

இரண்டையும் அழித்துவிட்டு இப்படி ஒன்றாக்குங்கள்:

```
v=spf1 include:_spf.google.com include:spf.example.net ~all
```

டிமார்க் உங்களிடம் இல்லவே இல்லை. `_dmarc` என்ற பெயரில் ஒரு TXT பதிவு போதும். தொடக்கத்துக்கு `p=none` சரி. கூகுள் கேட்பதும் குறைந்தபட்சம் அவ்வளவுதான்.

```
v=DMARC1; p=none; rua=mailto:dmarc@example.com
```

இதெல்லாம் செய்தால் மெயில் இன்பாக்ஸுக்கு வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இது அனுப்புவது நீங்கள்தான் என்று நிரூபிக்கிறது, அவ்வளவே. உங்கள் மெயில் பெற்றவருக்கு வேண்டுமா வேண்டாமா என்பது வேறு கேள்வி. அதற்குத்தான் லிஸ்ட்டுக்கு வருகிறேன்.

கண்காட்சியின் 7,100 முகவரிகளையும் நீக்கிவிடுங்கள். மனசு வராது என்று தெரியும். ஸ்டாலுக்குக் கொடுத்த காசோடு சேர்ந்து வந்த லிஸ்ட். ‘மன்னிக்கவும், தொடர விருப்பமா?’ என்று கடைசியாக ஒரு மெயில் அனுப்பிப் பார்க்கலாமே என்றும் தோன்றும். அதுவும் வேண்டாம். அதுவும் கேட்காதவர்களுக்குப் போகும் இன்னொரு மெயில்தான். இன்னொரு 25 புகார் வரும். முகவரிகளைச் சரிபார்த்துத் தரும் சேவையில் காசு கட்டினால் லிஸ்ட் சுத்தமாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்தச் சேவை முகவரி உயிரோடு இருக்கிறதா என்று சொல்லும். அந்த ஆள் உங்களைக் கேட்டாரா என்று அதற்குத் தெரியாது. ‘ஆனால் 63 பேர் லிங்கைக் கிளிக் செய்திருக்கிறார்களே’ என்று எழுதியிருக்கிறீர்கள். நேரத்தைப் பார்த்தேன். அதில் 41 கிளிக், மெயில் போய்ச் சேர்ந்த சில நொடிக்குள், ஒரே மெயிலில் எல்லா லிங்கிலும் விழுந்திருக்கிறது. அது மனிதர் இல்லை. அலுவலக மெயில்களில் இருக்கும் பாதுகாப்பு மென்பொருள் லிங்கைச் சோதித்துப் பார்ப்பது. உண்மையில் வாங்கியவர்கள் 9 பேர். அவர்கள் ஆர்டர் போட்டபோது முகவரி கொடுத்துவிட்டார்கள், உங்கள் சொந்த லிஸ்ட்டில் ஏற்கெனவே இருக்கிறார்கள்.

அடுத்து பவுன்ஸ் கோப்பு. இதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 1,017-இல் 940 கண்காட்சி லிஸ்ட்டைச் சேர்ந்தவை, அவை எப்படியும் போகின்றன. மிச்சமுள்ள 77 உங்கள் பழைய வாடிக்கையாளர்கள். உங்கள் சேவை 77 பேரையும் ‘இறந்த முகவரி’ என்று ஒதுக்கிவைத்திருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் உள்ள எண்ணைப் படியுங்கள். `550 5.1.1` என்றால் அப்படி ஒரு முகவரியே இல்லை. 38 வரிகள் இப்படி, உடனே நீக்குங்கள். அதில் ஆறு `gmial.com` என்று முடிகின்றன, ஆர்டர் படிவத்தில் நேர்ந்த தட்டச்சுப் பிழை. அந்த ஆறு பேரிடமும் வாட்ஸப்பில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். `4.2.2` என்றால் பெட்டி நிறைந்திருக்கிறது. 8 பேர். மூன்று மெயில் வரை பொறுத்து, பிறகு எடுத்துவிடலாம்.

மீதி 31 வரிகளில் `550-5.7.1` இருக்கிறது. இதுதான் முக்கியம். அந்த எண் அவர்கள் முகவரியைப் பற்றியது இல்லை, உங்களைப் பற்றியது. ‘வேண்டாத மெயில் போலிருக்கிறது, ஏற்க மாட்டேன்’ என்று ஜிமெயில் வாசலிலேயே திருப்பிவிட்டது. இந்த 31 பேரும் உயிருள்ள, வாங்கக்கூடிய வாடிக்கையாளர்கள். ஒதுக்கிய பட்டியலிலிருந்து அவர்களை மீட்டு எடுத்துத் தனியே வையுங்கள். சில வருஷத்துக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், பவுன்ஸ் ஆனதையெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு அழித்து, மிக நல்ல வாடிக்கையாளர்கள் சிலரையே ஓராண்டு தொலைத்திருந்தோம். எண்ணைப் படிக்கவேண்டும் என்று அன்றைக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை.

இனி உங்கள் சொந்த லிஸ்ட்டில் 38-ஐ நீக்கினால் 4,162 பேர். இவர்களிலும் எல்லோரும் ஒன்றல்ல. ஆறு மாதம் திறக்காதவரை நீக்கு என்று பொதுவாகச் சொல்வார்கள். உங்கள் தொழிலுக்கு அது பொருந்தாது. பெட்ஷீட் மாதாமாதம் வாங்கும் பொருள் இல்லை. தீபாவளிக்கு, புதுமனைப் புகுவிழாவுக்கு, மகள் கல்யாணத்துக்கு வாங்குவது. உங்களுக்கு 18 மாதம் சரியான அளவு. அப்புறம், ‘திறந்தார்’ என்பதை அளவுகோலாக வைக்காதீர்கள். 2021-இல் ஆப்பிள் தன் மெயில் செயலியில் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பிறகு, ஐபோனில் ஆள் பார்க்காவிட்டாலும் படங்கள் முன்கூட்டியே இறங்கி, திறந்ததாகக் கணக்கில் ஏறிவிடுகிறது. வாங்கினாரா, லிங்கைத் தொட்டாரா, பதில் எழுதினாரா என்று பாருங்கள். அப்படி எடுத்தால், நீங்கள் அனுப்பிய தாளின்படி 18 மாதத்துக்குள் அசைந்தவர்கள் ஏறக்குறைய 1,600 பேர். மற்ற 2,560 பேர் தூங்குகிறார்கள்.

பத்து வாரத்தை நான் இப்படிப் பிரிப்பேன். முதல் வாரம் எதுவும் அனுப்பாதீர்கள். டிஎன்எஸ் வேலையும் லிஸ்ட் வேலையும் மட்டும். இரண்டாம் வாரம், கடைசி மூன்று மாதத்தில் வாங்கியவர்களுக்கு மட்டும் ஒரு மெயில். 600 பேர் தேறுவார்கள். அதில் விற்காதீர்கள், துவைக்கும் முறை, சாயம் முதல் தண்ணீரில் கொஞ்சம் விடும் என்பது போன்ற, வாங்கியவருக்கு உடனே உதவுகிற விஷயம் எழுதுங்கள். முடிவில் ‘நிறம் எப்படி இருக்கிறது, ஒரு வரி பதில் போடுங்கள்’ என்று கேளுங்கள். பதில் மெயில் வருவது ஜிமெயிலுக்கு நல்ல அடையாளம். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒன்றாக மூன்று மெயில், 1,600 பேருக்கும். வெவ்வேறு சேவைகளில் உள்ள ஐந்தாறு நண்பர்களின் முகவரிகளையும் சேர்த்துவிட்டு, எந்தப் பெட்டியில் விழுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். ‘ப்ரமோஷன்ஸ்’ தாவலில் விழுந்தால் கவலைப்பட வேண்டாம், அது ஸ்பேம் இல்லை.

ஆறாம் வாரத்தில் கிளிக் விகிதம் பழைய நாளைப் போலத் திரும்பியிருந்தால் மட்டும் தூங்குகிறவர்களைத் தொடுங்கள். அதுவும் 300, 300 ஆக. ‘இன்னும் அனுப்பலாமா?’ என்று ஒரே கேள்வி, ஆம் என்பதற்கு ஒரு பொத்தான். இரண்டு மெயிலுக்கும் அசையாதவரை விட்டுவிடுங்கள். ஒரு தொகுதியில் கிளிக் விகிதம் விழுந்தால் அடுத்த தொகுதியை நிறுத்திவிடுங்கள். தீபாவளி மெயில் 2,000 பேருக்குத்தான் போகும் என்றாலும் பரவாயில்லை. ஆடியில் 11,300 பேருக்கு அனுப்பியும் அதில் பலர் கண்ணிலேயே படவில்லை.

சப்ஜெக்ட் வரிக்கு இப்போது வரலாம், கேள்வியே அதுதானே. `Re:` போட்டதை உடனே நிறுத்துங்கள். தான் எழுதாத மெயிலுக்குப் பதில் வந்ததுபோல் காட்டினால் ஆள் திறப்பார், திறந்ததும் கோபப்படுவார், அந்தக் கோபம் போய் விழுவது ஸ்பேம் பொத்தானில்தான். திறப்பு ஏறும், பெயர் இறங்கும். உள்ளே என்ன இருக்கிறதோ அதையே வெளியே எழுதுங்கள். தமிழ் எழுத்து அகலம் அதிகம் பிடிப்பதால் போனில் முதல் நாலைந்து சொற்கள்தான் தெரியும். ‘சென்னிமலையின் பாரம்பரியம் மிக்க எங்கள் கைத்தறிக் கூடத்திலிருந்து…’ என்று தொடங்கினால் சொல்ல வந்தது வெட்டுப்பட்டுவிடும். கடைப் பெயர் அனுப்புநர் இடத்திலேயே இருக்கிறது, சப்ஜெக்டில் திரும்ப வேண்டாம். ‘கட்டம்போட்ட டபுள் பெட்ஷீட், 5 நிறம்’ என்பது ‘கடைசி வாய்ப்பு!!! தவறவிடாதீர்கள்’ என்பதைவிட எனக்குப் பிடிக்கும். காரணம் எளிது: அந்த வரியைப் பார்த்தே, வேண்டாதவர் திறக்காமல் நகர்ந்துவிடுவார், வேண்டியவர் திறப்பார். இரண்டு வரியை வைத்துச் சோதித்துப் பார்ப்பதில் இந்த அளவு லிஸ்ட்டுக்குப் பெரிய பயன் இல்லை. 800 பேரில் 48 கிளிக், மற்ற 800 பேரில் 56 கிளிக் என்று வந்தால் அந்த எட்டுப் பேர் வித்தியாசம் தற்செயலாகவே வரக்கூடியது.

கடைசியாக, உங்கள் மெயிலின் அடியில் ‘விலக’ என்ற லிங்க் வெளிர் சாம்பலில், எறும்பு அளவில் இருக்கிறது. அதைத் தேடிக் கிடைக்காதவர் கைக்கு எளிதாக வருவது ஜிமெயிலின் ஸ்பேம் பொத்தான். நாலு பேர் விலகினால் நாலு பேர் குறைவார்கள், அவ்வளவுதான். அந்த நாலு பேர் ஸ்பேம் அழுத்தினால் 1,600 பேருக்கும் மெயில் போவது கெடும். லிங்கைச் சாதாரண எழுத்தில், மேலேயே கூட வையுங்கள். விலகக் கேட்டவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிட வேண்டும் என்பதும் கூகுள் விதி. உங்கள் சேவை அதைத் தானே செய்துவிடும். ஆனால் தம்பி வைத்திருக்கும் எக்செல் தாளிலிருந்து மறுபடி ஏற்றும்போது விலகியவர்கள் திரும்ப உள்ளே வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இனி லிஸ்ட் ஓர் இடத்தில் மட்டும் இருக்கட்டும்.

டிஎன்எஸ் மாற்றங்களைப் போட்டதும், முதல் 600 பேருக்கு அனுப்பும் முன், அதே மெயிலை உங்களுக்கே அனுப்பி, `Show original` பக்கத்தை முழுதாக நகலெடுத்து எனக்கு அனுப்புங்கள். டிகிம் வரியில் உங்கள் டொமைன் வந்துவிட்டதா என்று நான் பார்த்துச் சொன்னபின் அனுப்பலாம்.